மெழுகுவர்த்தி வீடியோ: யார், எப்போது, என்ன ஆதாரம் என்று கேட்டும் பிள்ளைகள் ஏன் ஏமாறுகிறார்கள்?

கரும்பலகை | 2025 ஜூலை 5, காலை

8-ம் வகுப்புக்கு ஒரு பாடவேளை ஒதுக்கி, கல்வி வீடியோ ஒன்றை எப்படி எடைபோடுவது என்று சொல்லித்தரப் பார்க்கிறேன். யார் போட்டது, எப்போது போட்டது, என்ன ஆதாரம் காட்டுகிறார்கள் என்று மூன்றே கேள்விகள். எல்லோருக்கும் தெரிந்த சோதனையைத்தான் எடுத்தேன். தட்டில் தண்ணீர், நடுவில் எரியும் மெழுகுவர்த்தி, மேலே கண்ணாடி டம்ளரைக் கவிழ்க்கிறார்கள். சுடர் அணைகிறது, தண்ணீர் உள்ளே ஏறுகிறது. "ஆக்சிஜன் தீர்ந்துபோன இடத்தைத் தண்ணீர் நிரப்பியது, காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம் என்று இதனால் நிரூபணமாகிறது" என்று பின்னணிக் குரல்.

பேசுபவர் பட்டம் பெற்ற ஆசிரியர், பெயர் போட்டிருக்கிறார். வீடியோ போன வருடத்தது. ஆதாரமோ கண்ணெதிரே நடக்கிறது. பிள்ளைகள் மூன்றுக்கும் டிக் அடித்துவிட்டார்கள். ஆனால் விளக்கம் தப்பு. அப்படியென்றால் கேள்விகளில் கோளாறா, கேட்கச் சொல்லும் விதத்தில் கோளாறா?

சும்மா_ஒருத்தன் | ஜூலை 5

எது தப்பு? காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம்தான். எந்தப் புத்தகத்திலும் இருக்கும். நானும் இந்தச் சோதனையைப் படித்துத்தான் பாஸானேன். சரியான விடை சொல்கிற வீடியோவைப் போய்த் தப்பு என்றால் பிள்ளைகள் குழம்பத்தான் செய்வார்கள்.

வேதி_நெல்லை | ஜூலை 5, இரவு

21 சரி. அந்தச் சோதனை 21-ஐக் காட்டுகிறது என்பதுதான் தப்பு. இரண்டும் வேறு.

மூன்று காரணம் சொல்கிறேன், எல்லாம் 8-ம் வகுப்புக்கு எட்டும். முதலாவது, ஆக்சிஜன் முழுக்கத் தீர்ந்துதான் சுடர் அணைகிறது என்பதில்லை. ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு இறங்கும்போதே மெழுகுவர்த்தி அணைந்துவிடும். ஆக, செலவானது 100 பங்கு காற்றில் 5 பங்கு.

இரண்டாவது, அந்த 5 பங்கும் வெற்றிடமாகிவிடவில்லை. மெழுகு எரிந்தால் கார்பன் டை ஆக்சைடு வருகிறது:

```
C25H52 + 38 O2 → 25 CO2 + 26 H2O
```

38 பங்கு ஆக்சிஜன் போனால் 25 பங்கு கார்பன் டை ஆக்சைடு வருகிறது, அதாவது மூன்றில் இரண்டு. நீராவி குளிர்ந்து தண்ணீராகிவிடும் என்று விட்டுவிடலாம். 5 போய் 3.3 வந்தால் நிகர இழப்பு 1.7. தண்ணீர் டம்ளரில் ஐம்பதில் ஒரு பங்கு கூட ஏறக்கூடாது. கார்பன் டை ஆக்சைடு தண்ணீரில் கரையுமே என்பார்கள். கரையும்தான், ஆனால் அசையாத தண்ணீரில் அந்தச் சில நொடிக்குள் பெரிதாக ஒன்றும் கரைந்துவிடாது.

மூன்றாவதுதான் உண்மைக் காரணம். டம்ளரைச் சுடர்மேல் கொண்டுவரும்போதே உள்ளே சூடான காற்று நிரம்புகிறது, விரிந்த காற்றில் கொஞ்சம் விளிம்பு வழியாகக் குமிழியாக வெளியேறிவிடுகிறது. சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று ஆறிச் சுருங்குகிறது. உள்ளே இருக்கும் காற்று சராசரியாக 105 டிகிரியில் இருந்து 30 டிகிரிக்கு வந்தால் அதன் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறையும். வாயு விதியில் போட்டுப் பாருங்கள், 303-ஐ 378-ஆல் வகுத்தால் 0.8. ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர் ஏறினால் அது தற்செயல்.

சும்மா_ஒருத்தன் | ஜூலை 5, இரவு

கணக்கு இருக்கட்டும். அந்த வீடியோவைப் பார்க்கிற பையனுக்கு இது எப்படித் தெரியும்? அவன் என்ன வாயு விதியா போடப்போகிறான்?

கரும்பலகை | ஜூலை 6

சும்மா ஒருத்தன் கேட்டது நியாயமான கேள்வி. அதற்குத்தான் பதில் தேடுகிறேன். வேதியியல் தெரிந்தவன்தான் கண்டுபிடிக்க முடியும் என்றால் இதைத் தனியாகச் சொல்லித்தரவே வேண்டாம், வேதியியலையே நடத்திவிடலாம்.

ஆனால் வேதி சார் எழுதியதில் வாயு விதி தெரியாமலே பிடிக்கக்கூடியது இரண்டு இருக்கிறது: குமிழி, நேரம். ஆக்சிஜன் தீரத் தீரத் தண்ணீர் ஏறுகிறது என்றால், எரியும்போதே சீராக ஏற வேண்டும். ஆறுவதால் ஏறுகிறது என்றால், அணையும் தறுவாயிலும் அணைந்த பிறகும்தான் மளமளவென்று ஏறும். இதை வீடியோவிலேயே பார்த்துவிடலாம். யூடியூபில் வேகத்தை 0.25-க்குக் குறைத்துவிட்டுச் சுடரையும் நீர்மட்டத்தையும் சேர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டரில் என்றால் நிறுத்திவைத்துக்கொண்டு முற்றுப்புள்ளி விசையைத் தட்டினால் ஒவ்வொரு சட்டகமாக நகரும், காற்புள்ளி விசை பின்னுக்கு நகர்த்தும்.

பொன்னி_டீச்சர் | ஜூலை 6

இந்தச் சோதனை வீடியோக்களில் பாதியில் சுடர் அணைகிற இடத்திலேயே வெட்டு விழுந்திருக்கும், கவனித்திருக்கிறீர்களா? எரிகிறது, வெட்டு, தண்ணீர் மேலே நிற்கிறது. சுவாரசியம் குறையக்கூடாது என்றுதான் வெட்டுகிறார்கள், ஏமாற்ற இல்லை. ஆனால் எது முதலில் நடந்தது என்கிற ஆதாரம் அதோடு போய்விடுகிறது. "வெட்டு எங்கே விழுந்திருக்கிறது, அந்த நேரத்தில் என்ன நடந்திருக்கும்" என்று கேட்டால் 6-ம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும். இன்ஸ்டாவில் எடிட் பண்ணிப் பழகிய கை.

இன்னொன்று, அளவு. டம்ளரில் கோடு போட்டிருக்கிறதா? "ஐந்தில் ஒரு பங்கு" என்று வாய் சொல்கிறது, டம்ளரில் ஒரு குறியும் இல்லை என்றால் அந்த எண் எங்கிருந்து வந்தது? புத்தகத்திலிருந்து வந்தது. விடையை முன்னாடியே வைத்துக்கொண்டு சோதனையை அதன்மேல் ஒட்டியிருக்கிறார்கள்.

ரெண்டுபிள்ளை_அம்மா | ஜூலை 6

என் பெரியவன் 9-வது, எந்நேரமும் வீடியோதான். கேட்டால் பாடம் பார்க்கிறேன் என்கிறான். எந்தச் சேனல் நம்பிக்கையானது என்று ஒரு பட்டியல் கொடுத்தால் மற்றதையெல்லாம் பிளாக் பண்ணிவிடுவேன். சில்வர் பட்டன் வாங்கின சேனல், பெயருக்குப் பக்கத்தில் டிக் இருக்கிற சேனல் என்றால் போதும்தானே?

கரும்பலகை | ஜூலை 6

அம்மா, பிளாக் பண்ணுவதைப் பற்றி இல்லை இந்த இழை. ஆனால் டிக் விஷயம் எல்லாப் பிள்ளைகளும் சொல்வது, அதனால் எழுதுகிறேன். வெள்ளிப் பட்டன் என்பது ஒரு லட்சம் பேர் சந்தா சேர்ந்ததற்கு. டிக் என்பது இந்தச் சேனல் இன்னாருடையதுதான் என்பதற்கு, அதற்கு விண்ணப்பிக்கவே ஒரு லட்சம் சந்தா வேண்டும். உள்ளே சொல்வது சரியா என்று யாரும் பார்த்துத் தருவதில்லை. மெழுகுவர்த்தி வீடியோ போட்ட டிக் சேனல்கள் ஏராளம்.

நூலகர்_கண்டி | ஜூலை 7

"யார்" என்ற கேள்வியைப் பிள்ளைகள் எங்கே தேடுகிறார்கள் என்று பாருங்கள். காணொளிக்குள்ளேயும் அதன் கீழேயும்தான் தேடுவார்கள். இலச்சினை அழகாக இருக்கிறதா, பேசுகிறவர் வெள்ளை மேலங்கி போட்டிருக்கிறாரா, "எங்களைப் பற்றி" என்ற பகுதியில் என்ன எழுதியிருக்கிறது. அதெல்லாம் அவரே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டது.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017-ல் வெளியிட்ட ஆய்வு இதைப் பற்றியது. முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாளர் 10 பேர், தொழில்முறை உண்மை சரிபார்ப்பாளர் 10 பேர், அதே பல்கலைக்கழக மாணவர் 25 பேர். எல்லோருக்கும் அறிமுகமில்லாத இணையப் பக்கங்களைக் கொடுத்தார்கள். வரலாற்றாளர்களும் மாணவர்களும் பக்கத்தை மேலிருந்து கீழ்வரை வாசித்து, இலச்சினையையும் முகவரியையும் பார்த்துப் பலமுறை ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் பக்கத்தைச் சற்றுப் பார்த்துவிட்டு வெளியே வந்து, வேறு தாவல்களைத் திறந்து, இவர்களைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்கள் அவர்களே.

தரம் 8 பிள்ளைக்கு இதைச் சொல்வது சுலபம்: காணொளியை நிறுத்து, வெளியே வா, தேடு.

பொன்னி_டீச்சர் | ஜூலை 7

நூலகர் சொல்வதோடு ஒன்று சேர்க்கிறேன். அரசுத் துறை இலச்சினையை ஒட்டிக்கொண்டு வரும் சேனல்களுக்குத் திசையை மாற்ற வேண்டும். சேனலில் இருந்து துறையின் தளத்துக்குப் போகக்கூடாது, தளத்தில் இருந்து சேனலுக்கு வர வேண்டும். கல்வித் தொலைக்காட்சியோ என்.சி.இ.ஆர்.டி.யோ, அவர்கள் தளத்தில் இருக்கும் இணைப்பைத் தட்டினால் எந்தச் சேனல் திறக்கிறதோ அதுதான் அவர்களுடையது. சேனல் விவரத்தில் யாரும் எந்தத் தளத்தின் முகவரியையும் எழுதி வைக்கலாம்.

வேதி_நெல்லை | ஜூலை 7

எல்லாம் சரி, ஆனால் கரும்பலகை காட்டிய வீடியோவில் இந்த வேலை செல்லாது. அவர் உண்மையான ஆசிரியர். வெளியே போய்த் தேடினாலும் உண்மையான ஆசிரியர் என்றுதான் வரும். யார் என்று தேடுவது வேஷக்காரரைப் பிடிக்கும். தலைமுறையாகப் பாடத்தில் ஊறிப்போன தப்பை நல்லெண்ணத்தோடு சொல்கிறவரைப் பிடிக்காது. ஜர்னல் ஆஃப் கெமிக்கல் எஜுகேஷனில் 1999-ல் பிர்க், லாசன் இருவரும் இந்த மெழுகுவர்த்தித் தவறு எப்படிச் சாகாமல் நிற்கிறது என்றே ஒரு கட்டுரை எழுதினார்கள். இன்னும் சாகவில்லை.

ஆளைத் தேடுவதோடு, அந்தக் கூற்றையும் தேட வேண்டும். "மெழுகுவர்த்தி தண்ணீர் சோதனை" என்று தேடினால் அதே தப்பு இருபது முறை வரும். "மெழுகுவர்த்தி தண்ணீர் சோதனை தவறான விளக்கம்" என்று தேட வேண்டும்.

கரும்பலகை | ஜூலை 7, இரவு

தமிழில் அப்படித் தேடினால் பெரும்பாலும் மறுபடி அதே வீடியோக்கள்தான் வருகின்றன. ஆங்கிலத்தில் தேடினால் வரும், ஆனால் என் வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தப் பக்கத்தை வாசிப்பது பாரம். இதற்கு நல்ல வழி எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

எண்ணை வைத்துப் பிடிக்கக்கூடிய விஷயங்களுக்கு மட்டும் மொழி தடையில்லை. அதனால் "எப்போது" என்ற கேள்விக்கு வேறு வீடியோ எடுத்தேன். மெழுகுவர்த்திக்குத் தேதியால் பயனே இல்லை, அது 1980-லும் தப்பு, இன்றும் தப்பு.

கரும்பலகை | ஜூலை 8

தேதிக்கு நான் எடுத்தது துணைக்கோள்கள். எந்தக் கிரகத்துக்கு அதிகம் என்று வீடியோக்களைத் தேடினால் வியாழன் 79, சனி 82, வியாழன் 92, சனி 145, சனி 274 என்று வரிசையாக வரும். பிள்ளைகள் முதலில் சொல்வது: ஒன்றுதான் சரி, மற்றதெல்லாம் பொய். ஒவ்வொன்றும் அது வந்த காலத்தில் சரி. 2018-ல் வியாழனுக்கு 79 என்பதுதான் முன்னணி. 2019 அக்டோபரில் சனிக்குப் புதிதாக 20 அறிவித்து 82 ஆனது. 2023 தொடக்கத்தில் வியாழன் 92-க்கு ஏறி முந்தியது. அதே ஆண்டு மே மாதம் சனி 145-க்குப் போனது, பிறகு ஒன்று கூடி 146 ஆனது. 2025 மார்ச்சில் ஒரேயடியாக 128 சேர்ந்து 274.

கரும்பலகையில் இந்த ஆண்டுகளைக் கோடாகப் போட்டுவிட்டு, வீடியோக்களை அந்தக் கோட்டில் பொருத்தச் சொல்ல வேண்டும். அப்போது ஒரு வீடியோ பொருந்தாமல் துருத்தும். பதிவேறியது 2024, சொல்வது 82. ஆள் தேடாமல் பேசியிருக்கிறார், அல்லது பழைய வீடியோவை எடுத்து மறுபடி ஏற்றியிருக்கிறார்கள். பதிவேறிய தேதியும் தயாரித்த தேதியும் வேறு என்பது அங்கேதான் பிள்ளைகளுக்கு உறைக்கிறது.

நடைமுறையில் சறுக்கும் இடம்: "3 ஆண்டுகளுக்கு முன்" என்று போட்டிருப்பதையே தேதியாக எழுதிவிடுகிறார்கள். இந்த விஷயத்தில் மாதம் வேண்டும். தலைப்புக்குக் கீழே விவரப் பகுதியைத் தட்டினால் நாள், மாதம், ஆண்டு முழுசாக வரும். எண்ணைச் சரிபார்க்க இந்தத் தேடல் போதும், பக்கத்தில் இருக்கும் எண்ணை மட்டும் பார்த்தால் போதுமானது:

```
site:nasa.gov saturn moons
```

சும்மா_ஒருத்தன் | ஜூலை 8

அப்போ ஒரே விதி போடுங்கள்: 5 வருடத்துக்கு முந்திய வீடியோவைப் பார்க்காதே. வேலை முடிந்தது.

பொன்னி_டீச்சர் | ஜூலை 8

பித்தாகரஸ் தேற்றத்துக்கு 2012 வீடியோ அருமையாக இருக்கிறது, தூக்கிப் போட்டுவிடலாமா? எது மாறும் விஷயம் எது மாறாத விஷயம் என்று முதலில் பிரிக்கச் சொல்ல வேண்டும். துணைக்கோள் எண்ணிக்கை, மக்கள்தொகை, மாவட்டங்களின் எண்ணிக்கை எல்லாம் மாறும். தமிழ்நாட்டில் 32 மாவட்டம் என்கிற வீடியோ இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, இப்போது 38. தேற்றம் மாறாது. பாடத்திட்டம் தனிக் கதை: விஷயம் சரியாகவே இருக்கும், ஆனால் பழைய புத்தகத்தின் பாடம், பரீட்சைக்கு வராது. பிள்ளைகள் அதையும் "தப்பான வீடியோ" கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள்.

ரெண்டுபிள்ளை_அம்மா | ஜூலை 8

38 மாவட்டமா? சின்னவள் நோட்டில் 37 என்று இருக்கிறது.

பொன்னி_டீச்சர் | ஜூலை 8

நோட்டு 2020-க்கு முந்தியதாக இருக்கும் அம்மா. மயிலாடுதுறை அப்போதுதான் தனி மாவட்டம் ஆனது, 38-வது.

கரும்பலகை | ஜூலை 10

வேறு ஒரு சிக்கல். தப்பான வீடியோக்களாகவே காட்டியதில் வகுப்பு வேறு பக்கம் சாய்ந்துவிட்டது. எதைப் போட்டாலும் "பொய் சார்" என்று கோரஸ். காரணம் கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நம்புவதற்கும் காரணம் வேண்டாம், நம்பாமல் இருப்பதற்கும் காரணம் வேண்டாம் என்றால் இரண்டும் ஒன்றுதான்.

நூலகர்_கண்டி | ஜூலை 10

நான்கு காட்டினால் இரண்டு நல்லதாக இருக்கட்டும். எது எத்தனை என்று முன்னதாகச் சொல்லாதீர்கள். சரி, பிழை என்று இரண்டு பெட்டியும் வேண்டாம். "இதுவரை காட்டியதை வைத்து எவ்வளவு தூரம் நம்பலாம், எதைக் காட்டியிருந்தால் இன்னும் நம்புவாய்" என்று எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது பாதிதான் முக்கியம். "பொய்" என்று எழுதுகிற பிள்ளைக்கு அந்த வரியில் எழுத எதுவும் இருக்காது.

சும்மா_ஒருத்தன் | ஜூலை 10

மதிப்பெண் எப்படிப் போடுவீர்கள்? பத்துக் கேள்விப் பட்டியல், கேள்விக்கு ஒரு மார்க், ஏழுக்கு மேல் வந்தால் நம்பலாம். சுலபமாக இருக்கும்.

வேதி_நெல்லை | ஜூலை 10

மெழுகுவர்த்தி வீடியோ அதில் ஒன்பது வாங்கும். பெயர் இருக்கிறது, தேதி இருக்கிறது, படம் தெளிவு, எழுத்துப்பிழை இல்லை, விளம்பரம் இல்லை. தவறிப்போன ஒரு மார்க்தான் மொத்த விஷயமும்.

கரும்பலகை | ஜூலை 12

நூலகர் சொன்ன இரண்டாவது பாதியை மெழுகுவர்த்திக்கு வைத்தேன். "எதைக் காட்டியிருந்தால் நம்புவாய்?" பெரும்பாலும் "பெரிய விஞ்ஞானி சொன்னால்" என்றுதான் எழுதியிருந்தார்கள். ஒரு தாளில் மட்டும் "ரெண்டு மெழுகுவர்த்தி வெச்சா தண்ணி அதே அளவு ஏறணும், டம்ளர்ல காத்து அதேதானே" என்று இருந்தது. அதற்குமேல் நான் சொல்ல என்ன இருக்கிறது.

செய்து பார்க்கலாம், மேசையிலேயே முடியும். ஒரே டம்ளர், ஒரே உயரத்தில் வெட்டிய மெழுகுவர்த்திகள், தண்ணீரில் நீல மை. ஒன்று வைத்து ஏறிய மட்டத்தைக் கோடிட வேண்டும், பிறகு மூன்று வைத்துக் கோடிட வேண்டும். டம்ளர் நன்றாக ஆறிய பிறகுதான் அடுத்தது, இல்லையென்றால் ஒப்பிட முடியாது. மூன்று வைத்தால் தண்ணீர் பளிச்சென்று கூடுதலாக ஏறும். உள்ளே இருக்கும் ஆக்சிஜன் அதேதான், சூடுதான் கூடுதல். டம்ளரை இறக்கும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். சுடருக்கு மேல் சற்று நேரம் பிடித்துவிட்டு இறக்கினால் ஒரே மெழுகுவர்த்திக்கே மட்டம் கூடும். அதையும் தனியாகச் செய்து காட்டினால் "ஐந்தில் ஒரு பங்கு" தானாக உதிர்ந்துவிடும். தட்டு எவர்சில்வராக இருந்தால் விளிம்பில் வரும் குமிழி தெரிவதில்லை, கண்ணாடித் தட்டு வேண்டும்.

சும்மா_ஒருத்தன் | ஜூலை 12

சரி, ஒத்துக்கொள்கிறேன், மூன்று மெழுகுவர்த்தி என்னை மடக்கிவிட்டது. அப்போ 21 சதவீதத்தை உண்மையிலேயே காட்டுகிற சோதனை எது? அதையும் காட்டாமல் விட்டால் பிள்ளைகள் 21-ஐயே சந்தேகிப்பார்கள்.

வேதி_நெல்லை | ஜூலை 12

இரும்பு துருப்பிடிக்கும் சோதனை. மெல்லிய இரும்பு நாரை வினிகரில் ஒரு நிமிடம் முக்கி எண்ணெய்ப் பூச்சைப் போக்கி, உதறி, நீளமான சோதனைக் குழாயின் அடியில் திணித்துத் தண்ணீரில் கவிழ்த்து வைக்க வேண்டும். துரு ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், பதிலுக்கு வாயு எதுவும் விடாது, சூடும் கிடையாது. மறுநாள் பார்த்தால் தண்ணீர் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு ஏறி நிற்கும், அதன்பின் ஏறாது. இரண்டு மடங்கு நார் வைத்தாலும் அதே இடத்தில்தான் நிற்கும். மூன்று மெழுகுவர்த்தியோடு இதைப் பக்கத்தில் வைத்தால் எது ஆதாரம் என்று பேசவே வேண்டாம். ஒரு நாள் ஆகும் என்பதால்தான் யாரும் வீடியோ எடுப்பதில்லை.

பொன்னி_டீச்சர் | ஜூலை 13

நார் எங்கே வாங்குவது? பாத்திரம் தேய்க்கிற கம்பி ஸ்க்ரப்பர் வைத்தால் துருவே பிடிப்பதில்லை என்று எங்கள் பள்ளியில் எல்லோரும் கைவிட்டுவிட்டார்கள்.

சும்மா_ஒருத்தன் | ஜூலை 13

காந்தம் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் இரும்பு.

வேதி_நெல்லை | ஜூலை 13

ஸ்க்ரப்பர் எவர்சில்வர் வகை, துருப்பிடிக்காமல் இருக்கத்தான் அதைச் செய்கிறார்கள். காந்தத்தை நம்ப வேண்டாம், எவர்சில்வரில் காந்தம் ஒட்டுகிற வகையும் உண்டு. பெயின்ட் கடையில் மரம் பாலிஷ் போட ஸ்டீல் வுல் என்று கேளுங்கள், தலைமுடி போல மெல்லியதாக இருக்கும். வாங்கியதில் ஒரு பிசிறை உப்புத் தண்ணீரில் நனைத்து ராத்திரி முழுக்க வைத்தால் காலையில் செம்மண் நிறம் வந்திருக்க வேண்டும். வராவிட்டால் கடைக்காரர் மாற்றிக் கொடுத்திருக்கிறார்.